பூட்டிய போனில் அப்பாவின் மாத்திரைப் பெயர்

அப்பாவுக்கு 2014-ல் இதய வால்வு மாற்றினார்கள். உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டிப்போகாமல் இருக்க ஆயுள் முழுக்க ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்றை விழுங்க வேண்டும். அசெனோகூமரால் என்பது அதன் மருந்துப் பெயர். மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்த எண் ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்பாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. நமக்கு நின்றுவிடும் ரத்தம் அவருக்கு நிற்க நேரமாகும் என்று இதற்குப் பொருள். எங்கள் வீட்டில் இது அனைவருக்கும் தெரியும். ஷேவ் பண்ணும்போது கீறினால்கூட அம்மா பஞ்சோடு வந்து நிற்பாள்.

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. 2023 மார்கழியில், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கப் போன அப்பாவை இருட்டோடு ஒரு பைக் உரசித் தள்ளிவிட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

அப்போது காலை ஆறு மணிகூட ஆகவில்லை. நடைபாதை விளிம்பில் தலையும் இடுப்பும் பட்டு விழுந்திருக்கிறார். நினைவு முழுசாகத் தப்பவில்லை, ஆனால் பேச்சு குழறுகிறது, பெயர் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டீக்கடை அண்ணாச்சியும் ஓர் ஆட்டோக்காரத் தம்பியும் அவரைத் தூக்கிப் பக்கத்திலிருந்த சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அந்த இருவருக்கும் எங்கள் குடும்பம் பட்ட கடன் தீராது. சட்டைப்பையில் போன் இருந்தது. அதில் பேட்டர்ன் லாக். ஆட்டோத் தம்பி அப்பாவின் பெருவிரலைப் பிடித்து அழுத்திப் பார்த்திருக்கிறார். விரலில் மண்ணும் ரத்தமும். கைரேகையை போன் ஏற்கவில்லை. நாலைந்து முறை தப்பானதும் பேட்டர்ன் போடச் சொல்லி நின்றுவிட்டது.

அந்த போனில் என் நம்பர் இருந்தது, அம்மா நம்பர் இருந்தது, மாமா நம்பர் இருந்தது. வாட்ஸ்அப்பில் மருந்துச் சீட்டின் போட்டோகூட இருந்தது. எல்லாம் உள்ளே. வெளியே முருகன் படமும் மணியும் மட்டும்.

கிளினிக்கில் வலிக்கு இடுப்பில் ஊசி போட்டார்கள். வழக்கமாக எவருக்கும் போடுவதுதான். ஆனால் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சதையில் ஊசி போடக் கூடாது. ஊசி போன வழியில் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். பல வலி மருந்துகள் அந்தக் கசிவை இன்னும் கூட்டும். ஆறே முக்காலுக்கு, "எங்கே இன்னும் காணோம்" என்று அம்மா போன் போட்டபோதுதான் ஆட்டோத் தம்பியால் எடுக்க முடிந்தது. பூட்டிய போனிலும் வருகிற அழைப்பை எடுக்கலாமே. "அம்மா, ஐயாவுக்கு லேசா அடி, பதறாம வாங்க. போனு பூட்டிக் கெடந்துச்சு, அதான் சொல்ல முடியல" என்றிருக்கிறார். அம்மா போய்ச் சேர்ந்து மாத்திரைப் பெயரைச் சொல்வதற்குள் ஊசி போட்டு அரைமணி ஆகியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தலையில் ரத்தக்கசிவு இல்லை. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தாமதமாகவும் கசியலாம் என்று ஒருநாள் வைத்துப் பார்த்து மறுபடி எடுத்தார்கள். அதுவும் சரி. ஆனால் ஊசி போட்ட பக்கம் புட்டத்திலிருந்து தொடை வரை கருநீலமாக வீங்கிவிட்டது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஆறு நாளில் தலை அடிக்காகப் போனவை இரண்டு. மீதி நாலும் அந்த ஊசிக்காக.

இதில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு. அப்பா போனில் மருத்துவ விவரங்களை நான் ஏற்கெனவே நிரப்பித்தான் வைத்திருந்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பெயர், ரத்தப் பிரிவு, மருந்து எல்லாம். பூட்டிய திரையில் காட்டலாமா என்ற பொத்தானைப் போடாமல் விட்டிருந்தேன். சேமித்ததும் வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டேன். போனைப் பூட்டி, அறிமுகமில்லாதவரின் கையில் இருப்பதுபோல ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அப்பா வீடு திரும்பிய வாரம் லீவு போட்டு ஊரில் இருந்தேன். அப்போது செய்ததையும், செய்து தப்பாகிப் பிறகு திருத்தியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மருத்துவ விவரம். ஆண்ட்ராய்ட் 12-க்குப் பிந்தைய பெரும்பாலான போன்களில் செட்டிங்ஸில் `Safety & emergency` என்று ஒரு பகுதி இருக்கும். பழைய போன்கள் சிலவற்றில் `About phone` உள்ளே `Emergency information` என்று ஒளிந்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறுவதால், செட்டிங்ஸின் தேடும் கட்டத்தில் `emergency` என்று அடிப்பதுதான் சுலபம். உள்ளே மருத்துவ விவரத்துக்கு ஒரு படிவம், அவசரத் தொடர்புகளுக்கு ஒரு பட்டியல். இரண்டையும் பூட்டிய திரையில் காட்ட அனுமதி தரும் பொத்தான் அதே பக்கத்திலோ மூன்று புள்ளி மெனுவிலோ இருக்கும். நான் தவறவிட்டது அதைத்தான்.

படிவத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். முதல் முறை எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன்: முழங்கால் வலி, கண் புரை ஆபரேஷன், ஏழு மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராமும். இந்த முறை அப்பாவின் இதய டாக்டரிடமே போய், "இதைப் படிக்க ஒரு டாக்டருக்குப் பத்து செகண்டுதான் இருக்கும்னு வச்சுக்கோங்க சார், அதில் எது இருக்கணும்?" என்று கேட்டேன். அவர் பேனாவை எடுத்து முக்கால்வாசியை அடித்தார். மிஞ்சியது இவ்வளவுதான்:

```
METAL HEART VALVE (2014)
ON BLOOD THINNER: ACENOCOUMAROL
NO IM INJECTIONS. NO NSAIDs
DIABETES: GLIMEPIRIDE + METFORMIN
ALLERGY: NONE KNOWN
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. மூன்றாவது வரிக்கு, சதையில் ஊசியும் கசிவைக் கூட்டும் வகை வலி மருந்துகளும் வேண்டாம் என்று அர்த்தம். கடைப்பெயருக்குப் பதில் மருந்துப் பெயர், ஏனென்றால் ஒரே மருந்து பல பெயர்களில் விற்கிறது. வெளியூர் டாக்டருக்கு மருந்துப் பெயர்தான் நிச்சயமாகப் புரியும். மில்லிகிராம் போடவில்லை. ஐ.என்.ஆர். பார்த்து மாதாமாதம் அளவு மாறுகிற மாத்திரை அது. போனில் பழைய அளவு கிடந்தால், ஒன்றும் இல்லாததைவிட அது ஆபத்து. சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடைப் பெயர் சொல்லி எழுதச் சொன்னார். அது சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடியது. மயங்கிக் கிடப்பவர் அதைச் சாப்பிடுகிறவர் என்று தெரிந்தால் டாக்டர் முதலில் சர்க்கரையைக் குத்திப் பார்ப்பார். ஒவ்வாமை இல்லை என்பதையும் எழுதச் சொன்னார். காலியாக விட்டால் இல்லை என்று அர்த்தமா, எழுத மறந்தார்களா என்று படிப்பவருக்குத் தெரியாது.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "என் சீக்கை ஊருக்கெல்லாம் தட்டி போட்டுக் காட்டணுமாட்டி?" என்றார். அவர் கேட்டது நியாயம். போனை எடுக்கிற யாரும் இதைப் பார்க்கலாம். அதனால் எது இருக்கலாம், எது கூடாது என்று அவரோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். உயிருக்கு அவசியமில்லாத எந்த நோயும் வேண்டாம். வீட்டு முகவரி, ஆதார் எண், இன்சூரன்ஸ் பாலிசி எண் எதுவும் வேண்டாம். அடித்து அடித்துக் குறைந்த அந்த ஐந்து வரியைப் படித்ததும், "இது சரி" என்றார். அவர் சம்மதிக்காமல் நானாகப் போட்டிருந்தால், நான் சென்னைக்கு ரயில் ஏறியதும் யாரிடமாவது கொடுத்து அழித்திருப்பார்.

பிறகு போனைப் பூட்டி மாமாவின் கையில் கொடுத்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பெருமாள்புரத்தில் இருக்கிறார். "அத்தான் ரோட்டுல விழுந்து கெடக்காங்கன்னு வச்சுக்கோங்க மாமா, இதுல என்ன செய்வீங்க?" என்றேன். மாமா பட்டதாரி, தினமும் போனில் பணம் அனுப்புகிறவர். அவர் திரையை மேலே தள்ளினார், பேட்டர்ன் கேட்டது, மறுபடி தள்ளினார், திருப்பிப் பார்த்தார், "ஒண்ணுமில்லையே" என்றார். கீழே `Emergency call` என்று இருந்த எழுத்து அவர் கண்ணில் பட்டது. ஆனால் தொடவில்லை. "தொட்டா போலீசுக்குப் போயிருமோன்னு நெனச்சேன்" என்றார். அதைத் தொட்டால் அழைப்பு எங்கேயும் போகாது. இன்னொரு திரை வரும், அதில் அவசர விவரத்தைக் காட்டும் பொத்தான் இருக்கும், அதைத் தொட்டால் மருத்துவக் குறிப்பும் தொடர்புகளும் வரும். அந்தத் தொடர்பின் பெயரைத் தொட்டால் பேட்டர்ன் இல்லாமலே அழைப்பும் போகும். எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் அந்த மூன்று தட்டுகள் மாமாவுக்கே தெரியவில்லை என்றால், அன்றைக்கு விடியற்காலையில் டீக்கடை அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

என் எண்ணம் மாறியது அங்கேதான். விபத்து நேரத்தில் போனைப் பார்க்கிறவர்கள் இரண்டு வகை. முதலில் வழிப்போக்கர், பிறகு டாக்டரோ ஆம்புலன்ஸ்காரரோ. இரண்டாமவருக்குத்தான் அந்த ஆங்கிலக் குறிப்பு. அதற்கு எப்படிப் போவதென்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். முதலாமவருக்கு நாம் எதுவும் எழுதி வைக்கவில்லை. அவருக்கு வேண்டியது தமிழில், எதையும் தொடாமல், திரை வெளிச்சமானதும் கண்ணில் படுகிற ஒரு வரி.

அதற்கும் போனில் வழி இருக்கிறது. பூட்டுத் திரை அமைப்புகளில் `Add text on lock screen` என்றோ `Contact information` என்றோ இருக்கும். அதில் அடிக்கிற எழுத்து மணிக்குக் கீழே எப்போதும் நிற்கும். அப்பாவுக்கு இப்படிப் போட்டேன்:

"அவசரமா? என் மச்சினன் (நம்பர்), மகள் (நம்பர்). ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போடுமுன் டாக்டரிடம் இதைக் காட்டவும்."

அந்த எழுத்து சின்னதாக இருந்தது. சில போன்களில் நீளமான வரி வெட்டுப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் அதையே வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்தில் ஒரு படமாகச் செய்து, பூட்டுத் திரை வால்பேப்பராக வைத்துவிடலாம். கடைசியில் நானும் அதைத்தான் செய்தேன். முருகனை உள்ளே ஹோம் திரைக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் அப்பாவிடம் கேட்டேன், "உள்ள வந்துட்டாருல்லா, அதுவும் நல்லதுதான்" என்றார். படத்தில் எழுத்தை மேலேயும் கீழேயும் கொண்டுபோகக் கூடாது. மேலே மணி மறைக்கும், கீழே நோட்டிஃபிகேஷன்கள் மறைக்கும். நடுப்பாகத்தில் நாலு வரிக்கு மேல் நிற்காது.

நம்பரை வெளியே காட்டுவதில் ஒரு இடர் உண்டு. போன் தொலைந்தால், எடுத்தவன் மாமாவுக்கு அடித்து, "போன் கிடைச்சிருக்கு, ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க" என்று கேட்கலாம். அதனால் அந்த நம்பர்க்காரர்கள் இருவரிடமும், போனைத் திருப்பித் தர எந்த எண்ணும் தேவையில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்தது, யாருடைய நம்பர்? பழைய பட்டியலில் முதலில் நான், இரண்டாவது பெங்களூரில் இருக்கிற தம்பி, மூன்றாவது அம்மா. பாசத்தின் வரிசை அது. நான் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறேன். அம்மா தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டாள், நாங்கள்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம். இப்போது முதலில் மாமா. பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடியவர், எந்த நம்பர் வந்தாலும் எடுப்பவர், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடத் தயங்காதவர். இரண்டாவது நான். மூன்றாவது எதிர்வீட்டு அண்ணாச்சி. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார், அப்பாவின் மாத்திரை வாங்குவதே அவரிடம்தான், ஆகவே அவருக்கு எல்லாம் மனப்பாடம். மூவரிடமும் நேரில் கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகுதான் சேர்த்தேன். பட்டியலில் சேர்த்தால் அவர்களுக்கு போன் தானாக எதுவும் சொல்லிவிடும் என்று நம்ப வேண்டாம், நாம்தான் சொல்ல வேண்டும். மருத்துவக் குறிப்பின் போட்டோவையும் மூவருக்கும் அனுப்பிவைத்தேன், போன் சுக்குநூறாகிப் போனாலும் அவர்களிடம் இருக்கட்டும் என்று.

இரவில் தூங்கும்போது போனைத் தொந்தரவு செய்யாத நிலைக்குத் தானாக மாறும்படி மாமா வைத்திருந்தார். அதில் நட்சத்திரம் போட்ட தொடர்புகளை மட்டும் விட அனுமதிக்கலாம். அவர் போனில் அப்பா, அம்மா, நான் மூவருக்கும் நட்சத்திரம் போட்டோம்.

எஸ்.ஓ.எஸ். பொத்தானுக்கு இதற்குப் பிறகுதான் வந்தேன். அன்றைக்கு அப்பாவால் எந்தப் பொத்தானையும் அழுத்தியிருக்க முடியாது என்பதால் அது எனக்குக் கடைசியாகப் பட்டது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால், குளியலறையில் வழுக்கினால் உதவும். ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானை வேகமாக ஐந்து முறை அழுத்தினால் ஒரு கவுண்ட்டவுன் ஓடும். முடிந்ததும் அவசர எண்ணுக்கு அழைப்பும், தொடர்புகளுக்கு இருப்பிடத்தோடு செய்தியும் போகும். எண்ணை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்ததும் நான் மாமா நம்பரைப் போட்டேன். போன் திறந்திருந்தபோது சோதித்தேன், உடனே மாமாவுக்கு மணி அடித்தது. பூட்டிவிட்டுச் சோதித்தேன். அழைப்பு போகவில்லை. பூட்டிய நிலையிலும் போக வேண்டுமென்றால் அது அங்கீகரிக்கப்பட்ட அவசர எண்ணாக இருக்க வேண்டுமாம். அவசரத்தில் போன் பூட்டித்தான் இருக்கும். ஆகவே 112-க்கே மாற்றினேன். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் பொதுவான எண் அது. மாமாவுக்குச் செய்தி தனியாகப் போகும்.

அந்தச் செய்தியைச் சோதித்தபோது இரண்டு தடவை தோற்றோம். முதல் தடவை செய்தி கிளம்பவே இல்லை. அப்பாவின் ரீசார்ஜ் இரண்டு நாளைக்கு முன்னால் முடிந்திருந்தது. உள்ளே வரும் அழைப்பு இன்னும் வந்துகொண்டிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை, வெளியே போவது மட்டும் நின்றிருந்தது. இந்தச் செய்தி எஸ்.எம்.எஸ். வழியாகப் போகிறது. டேட்டா மட்டும் தரும் திட்டத்தில் எஸ்.எம்.எஸ். இருக்காது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். இப்போது எஸ்.எம்.எஸ். சேர்ந்த ஒரு வருடத் திட்டத்தை என் கணக்கிலிருந்தே போடுகிறேன்.

இரண்டாவது தடவை செய்தி போய்விட்டது, மாமாவிடமிருந்து பேச்சு மூச்சில்லை. அடித்துக் கேட்டால், "ஏதோ இங்கிலீஷ்ல ஒண்ணு லிங்க்கோட வந்துச்சு. நம்பர் வேற புதுசா இருந்துச்சு. லிங்க் வந்தா தொடாதீங்கன்னு நீதானம்மா சொன்ன" என்றார். அப்பா புது சிம் வாங்கி எட்டு மாதமாகியும் மாமாவின் போனில் பழைய நம்பர்தான் இருந்தது. மோசடி லிங்க்கைத் தொடாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். அவசரச் செய்தியும் அவர்கள் கண்ணுக்கு அதே உருவத்தில்தான் வரும். புது நம்பரைச் சேமித்தோம். ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம்: இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் அப்பாவுக்குத் திருப்பி அடிப்பது, எடுக்காவிட்டால் லிங்க்கைத் திறப்பது, வண்டியை எடுப்பது, போகும் வழியில் எனக்குச் சொல்வது.

பாக்கெட்டில் பவர் பொத்தான் தானாக அழுந்தி அழைப்பு போய்விடுமோ என்று சிலர் இதை அணைத்து வைப்பார்கள். அப்படி நடப்பதுண்டு. 2023-ல் பிரிட்டனில் இதனால் அவசர எண்ணுக்குப் பேச்சில்லாத அழைப்புகள் குவிந்து போலீஸே எச்சரிக்கை விட்டது. எங்கள் போனில் கவுண்ட்டவுனையும் அதன் எச்சரிக்கை ஒலியையும் அணைக்காமல் விட்டிருக்கிறேன். ஒலி கேட்டால் நிறுத்திவிடலாம். தப்பித்தவறி அழைப்பு போய்விட்டால் துண்டித்துவிட்டு ஓடாமல், தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். இல்லையென்றால் அவர்கள் திருப்பி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

என் போன் ஐபோன். அதில் `Health` ஆப்பில் `Medical ID` என்று இதே படிவம் இருக்கிறது, `Show When Locked` என்ற பொத்தானைப் போட வேண்டும். இந்தியாவில் விற்கும் ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று முறை அழுத்தினாலே எஸ்.ஓ.எஸ். திரை வந்துவிடும். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். 2017-லிருந்து இந்தியாவில் விற்கிற போன்களில் அவசரப் பொத்தான் கட்டாயம் என்று மத்திய அரசின் விதி இருக்கிறது. பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் அவசர அழைப்பு போக வேண்டும். அம்மா போனில் எது என்று சோதித்தோம். 5-ஐப் பிடித்ததும் திரையில் 112 வந்தது, உடனே துண்டித்தேன். திரும்பி அழைப்பு வந்தது, மன்னிப்புக் கேட்டு விளக்கினேன். அந்த 5-க்கு மேல் அம்மா நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

சார்ஜ் தீர்ந்த போனில் இவை எதுவும் இல்லை. அதற்காக அதே ஐந்து வரியையும் மாமா நம்பரையும் ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்கு அச்சடித்து, லேமினேட் செய்து, அப்பா போனின் கண்ணாடி உறைக்குள், பின்பக்கம் வெளியே தெரியும்படி செருகியிருக்கிறேன். இருபது ரூபாய் ஆனது. ஒன்றை மட்டும் செய்துவைக்க இடமோ நேரமோ இருக்கிறதென்றால் நான் இந்த அட்டையைத்தான் சொல்வேன்.

ஐ.என்.ஆர். எடுக்கிற நாளை எல்லாவற்றையும் சரிபார்க்கிற நாளாக வைத்துக்கொண்டோம். ரிசல்ட்டைக் கேட்க நான் எப்படியும் அடிப்பேன். அப்போதே அப்பா போனைப் பூட்டி, `Emergency call` தொட்டு, என் பெயரைத் தட்டி எனக்கு அடிப்பார். என் போனில் "அப்பா" என்று வந்தால் எல்லாம் சரி. ஒருமுறை போன் அப்டேட் ஆன பிறகு அந்த அழைப்பு வரவில்லை. பார்த்தால், திரையில் காட்டும் அனுமதி அணைந்திருந்தது. எதனால் என்று தெரியவில்லை, மறுபடி போட்டோம்.

போன ஆவணியில் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. கல்யாண வீட்டில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பந்தி தாமதமாகும் என்று சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். வியர்த்துக் கொட்டி, தலை சாய்ந்து, கூப்பிட்டால் பதிலில்லை. கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்திருக்கிறார். `Emergency call` தொடவில்லை, மருத்துவக் குறிப்பைத் திறக்கவில்லை. திரையில் தமிழில் இருந்ததைப் படித்துவிட்டுத் தன் போனிலிருந்து மாமாவுக்கு அடித்தார். மாமா முதல் மணியிலேயே எடுத்து, "வேர்த்திருக்கா? முழுங்க முடியுதா? முழுங்க முடிஞ்சா சீனித்தண்ணி குடுங்க, முடியலைன்னா வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க, 108-க்கு அடிங்க" என்றிருக்கிறார். முன்சீட்டில் ஓர் அம்மா பிள்ளைக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸைக் கொடுத்திருக்கிறார்கள். கால்மணியில் அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை ஓரங்கட்டி, மாமா வந்து சேரும் வரை கண்டக்டர் போனில் பேசிக்கொண்டே இருந்தாராம்.

அன்று ராத்திரி அப்பாவே எனக்கு அடித்தார். "ஏட்டி, அந்தப் படத்துல எனக்குச் சீனி இருக்குன்னு போடலியே. பாவம் அந்தத் தம்பி, மாமா சொல்லித்தான் தெரிஞ்சிருக்கு. அதையும் போடு. எழுத்தையும் கொஞ்சம் பெருசா வையி, அவரு கண்ணாடி போட்டுத்தான் படிச்சாராம்" என்றார். ஊசி பற்றிய வரியைச் சுருக்கி, "சர்க்கரை நோய் உண்டு" என்று சேர்த்து, எழுத்தை இரண்டு அளவு பெரிதாக்கி அனுப்பினேன். பதினோரு மணிக்கு மாமாவை வரவழைத்து வால்பேப்பரை மாற்றிக்கொண்டுதான் தூங்கப் போனார்.